கொத்தனார் கூலியும் ஜன்னல் கணக்கும்

வீடு கட்டுகிறவர் மேஸ்திரியிடம் முதலில் கேட்பது "கன அடிக்கு எவ்வளவு?" என்றுதான். ஆனால் சண்டை பெரும்பாலும் அளவெடுக்கும் நாளில்தான் வருகிறது. அதனால், செங்கல் வேலைக்கு எழுதும் வேலை உத்தரவில் விலைக்குக் கொடுக்கும் கவனத்தை அளவு முறைக்கும் கொடுக்க வேண்டும்.

ஒரு சுவரை எடுத்துக்கொள்வோம். நீளம் 20 அடி, உயரம் 10 அடி, கனம் 9 அங்குலம். மொத்தம் 150 கன அடி. கூலி கன அடிக்கு 40 ரூபாய் என்று உதாரணத்துக்கு வைத்தால் 6,000 ரூபாய். அதே சுவரில் மூன்றரைக்கு ஏழு அடி வாசல் ஒன்றும், நாலுக்கு நாலு ஜன்னல் ஒன்றும் இருக்கின்றன. இரண்டையும் கழித்தால் சுமார் 30 கன அடி போய்விடும். மேலே சுவர் நீளத்துக்கும் ஓடும் அரை அடி லிண்டல் இன்னொரு ஏழரை கன அடி. மிச்சம் 112 கன அடிக்குக் கூலி ஏறக்குறைய 4,485 ரூபாய்தான்.

எது நியாயம்? திறப்புக்கு ஓரம் பிடித்துக் கட்டுவதில் கைவேலை அதிகம், ஆகவே கழிக்கக்கூடாது என்பார் மேஸ்திரி. அதில் உண்மை இருக்கிறது. பாதி கழிப்பது என்றும் சிலர் பேசிக்கொள்கிறார்கள். எதுவானாலும் சரி, அதற்கேற்ற விலையோடு உத்தரவில் எழுதிவிட வேண்டும். லிண்டலை மட்டும் முழுதாகக் கழிப்பதே முறை. கான்கிரீட்டுக்குத் தனிக் கூலி உண்டல்லவா?

மூலையிலும் ஒரு கண் வேண்டும். இரண்டு சுவரையும் வெளிப்புறமாகவே அளந்தால் மூலை இரு தடவை கணக்கில் ஏறும். பத்தடி உயரத்தில் ஒரு மூலைக்கு ஐந்தரை கன அடிக்கு மேல். நடுக்கோட்டில் அளப்பது என்று எழுதினால் இது தீர்ந்தது. நாலரை அங்குலச் சுவருக்குச் சதுர அடிக் கணக்கு. அதற்குத் தனி விலை.

பொருள் வீட்டுக்காரருடையது என்றால் "செங்கல், சிமெண்ட், மணல் தரப்படும்" என்பதோடு நிறுத்தக்கூடாது. தெருவில் இறக்கிய கல்லை மாடிக்கு ஏற்றுவது யார், சாரத்துக்குக் கம்பும் பலகையும் யாருடையது, கல்லை நனைப்பதும் சுவருக்குத் தண்ணீர் விடுவதும் யார் வேலை? எழுதாவிட்டால் சித்தாள் கூலி என்று தனியாக ஒரு கணக்கு வரும். கலவை விகிதமும் இங்கேயே வரட்டும்: 9 அங்குலத்துக்கு 1:6, நாலரைக்கு 1:4 என்பது வழக்கம். ஒரு நாளில் ஐந்தடிக்கு மேல் சுவரை எழுப்பக்கூடாது என்பதையும் சேர்க்கலாம். வேகமாக முடித்துக் கூலி வாங்கும் ஆசையில் மீறப்படுவது இதுதான்.

சனிக்கிழமை பட்டுவாடாவை ஆள் கணக்கில் கொடுத்துக்கொண்டே போனால், லிண்டல் மட்டம் வரும்போது முடிந்த வேலையைவிடக் கொடுத்த பணம் கூடியிருக்கும். அப்புறம் மேஸ்திரி வேறு வேலைக்குப் போனால் பிடிக்க முடியாது. அந்தந்த வாரம் இருவரும் சேர்ந்து டேப் பிடித்து, நோட்டில் எழுதிக் கையெழுத்திட்டு, அந்த அளவுக்கு எண்பது சதவீதம் வரை கொடுக்கலாம். மட்டமும் தூக்குக்குண்டும் வைத்துப் பார்த்த பிறகு மீதியைத் தீர்க்கலாம். சுவர் தூக்குத் தவறியிருந்தால் இடித்துக் கட்டும் கூலி யாருடையது என்ற வரியும், வீணான சிமெண்டின் விலை யார் தலையில் என்ற வரியும் அதற்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும்.