பகடை சொல்லச் சொன்ன 'ஆம்'

"ஆயுதக் குழுக்காரர்களோடு உங்களுக்குப் பழக்கம் உண்டா?" நைஜீரியாவின் நைஜர் டெல்டாவில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து இப்படிக் கேட்டால், உண்டு என்று யார் வாய்திறப்பார்கள்? அங்கே கிரேம் பிளேர் என்ற அரசியல் ஆய்வாளர் நடத்திய கணக்கெடுப்பில் ஒரு பகடை கைகொடுத்தது.

பதில் சொல்பவர், கேட்பவர் கண்ணில் படாமல் பகடையை உருட்ட வேண்டும். 1 விழுந்தால், உண்மை எதுவானாலும் 'இல்லை' என்று சொல்ல வேண்டும். 6 விழுந்தால் 'ஆம்'. 2 முதல் 5 வரை எது விழுந்தாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். ஒருவர் 'ஆம்' என்றால் அதைச் சொன்னது அவரா, பகடையா என்று கேட்டவருக்கே தெரியாது. பதிலில் இப்படித் தற்செயலைக் கலக்கும் யோசனையை 1965-ல் முன்வைத்தவர் ஸ்டான்லி வார்னர்.

தனி ஆள் மறைந்துகொண்டாலும் கூட்டத்தின் கணக்கு மறைவதில்லை. ஒரு கற்பனைக் கணக்கு: 600 பேரிடம் கேட்கிறோம், 180 பேர் 'ஆம்' என்கிறார்கள். அறுநூறில் ஏறக்குறைய 100 பேருக்கு 6 விழுந்திருக்கும். அந்த 100 'ஆம்' பகடையுடையது. இன்னொரு 100 பேருக்கு 1 விழுந்திருக்கும். மீதி 400 பேர் உண்மை சொன்னவர்கள். அவர்களில் 'ஆம்' என்றவர்கள் 80. ஆக, பழக்கம் உள்ளவர்கள் 20 சதவீதம். யாருடைய ரகசியமும் வெளியே வரவில்லை.

இந்தப் பாதுகாப்பு முழுக்கவசம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இதே கணக்கில், 'ஆம்' என்ற 180 பேரில் சுமார் 100 பேர் நிஜமாகவே பழக்கம் உள்ளவர்கள்: உண்மை சொன்ன 80 பேரோடு, பகடை சொல்லவைத்தவர்களிலும் 20 பேர் அப்படிப்பட்டவர்கள். சந்தேகம் கூடத்தான் செய்கிறது. ஆனால் எந்த ஒருவர்மீதும் அதைச் சாட்சியாக வைக்க முடியாது. இதற்கு விலையும் உண்டு. நேரடியாகக் கேட்டு எல்லோரும் உண்மை சொன்னால் 600 பேரிடம் கிடைக்கும் துல்லியத்துக்கு, இந்த முறையில் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆட்கள் வேண்டும்.

முறை சறுக்கும் இடம் அந்த 6-தான். பழக்கமே இல்லாத ஒருவருக்கு 6 விழுகிறது. பொய்யாகக்கூட 'ஆம்' என்று சொல்ல மனம் ஒப்பாமல் 'இல்லை' என்றுவிடுகிறார். 600 பேரில் மொத்தமே 70 'ஆம்' வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும், பகடை மட்டுமே சுமார் 100 தந்திருக்க வேண்டுமே! ஆனால் 180 வரவேண்டிய இடத்தில் 150 வந்தால் யாருக்கும் தெரியாது. 20 சதவீதம் 12.5 ஆகச் சுருங்கிப்போகும். அதனால்தான் முதலில் சாதாரணக் கேள்விகளை வைத்து நாலைந்து முறை உருட்டிப் பழக்க வேண்டும். 6 விழுந்து சொல்லும் 'ஆம்' தன்னைக் காட்டிக்கொடுக்காது என்பதை அவரே செய்துபார்த்த பிறகு உண்மையான கேள்விக்குப் போவதுதான் சரி.