படத்தில் விழாத நெய்

மதியம் ஒரு மணி தாண்டிவிட்டால் உணவியல் ஆலோசகர்களின் வாட்ஸப்பில் தட்டுகள் வரிசையாக வந்து விழும். படத்துக்குக் கீழே ஒரே கேள்விதான்: "மேடம், இதுல எத்தனை கலோரி?" கேட்பவர் எதிர்பார்ப்பது ஓர் எண். அனுபவமுள்ளவர் பதிலுக்குக் கேள்வி கேட்பார்: "சோத்துல நெய் விட்டீங்களா? அப்பளம் சுட்டதா, பொரிச்சதா?"

சாதாரண வீட்டுச் சாப்பாடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். எவர்சில்வர் தட்டில் சோறு, மேலே ஒரு கரண்டி வத்தக்குழம்பு, ஓரத்தில் உருளைக்கிழங்கு வறுவல், ஓர் அப்பளம். என்னென்ன பதார்த்தம் என்று சொல்லப் படமே போதும். எவ்வளவு என்று கேட்டால்தான் திண்டாட்டம்.

முதலில் சோறு. வெந்த சோறு 100 கிராமுக்குச் சுமார் 130 கலோரி. நேர் மேலிருந்து எடுத்த படத்தில் சோற்றின் அகலம் தெரியும், உயரம் தெரியாது. பரப்பி வைத்த 200 கிராமும் குவித்து வைத்த 300 கிராமும் ஒரே வட்டமாகத்தான் விழும். ஒன்று 260 கலோரி, மற்றது 390. தட்டு எவ்வளவு பெரியது என்பதும் தெரியாது; டிபன் தட்டும் சாப்பாட்டுத் தட்டும் கைபேசித் திரையில் ஒரே அளவுதான். சற்றுச் சாய்வாக இன்னொரு படம் எடுத்து, பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்தால் இந்தக் குழப்பம் பெருமளவு தீரும். நாணயத்தின் குறுக்களவு 27 மில்லிமீட்டர் என்பதால் மற்றதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

எண்ணெய்க்கு அப்படி ஒரு வழி இல்லை. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தந்தால் கொழுப்பு 9 தரும். ஐந்து மில்லி பிடிக்கும் சின்னக் கரண்டி எண்ணெயிலேயே 40 கலோரி இருக்கிறது. வத்தக்குழம்பில் நல்லெண்ணெய் மிதக்கும். மேலாக மொண்டு ஊற்றினால் எண்ணெய் தட்டுக்கு வரும். அடியில் துழாவி எடுத்தால் வத்தல் வரும். ஒரே சட்டி, ஒரே கரண்டி, ஆனால் அண்ணன் தட்டுக்கும் தம்பி தட்டுக்கும் கணக்கு வேறு. சூடான சோற்றில் விட்ட நெய்யோ உருகி உள்ளே இறங்கிவிடும். படத்தில் ஒரு மினுமினுப்பு தெரிந்தாலே அதிகம்.

இனி கூட்டிப் பார்க்கலாம். குறைந்தபட்சமாக, சோறு 200 கிராம், 260. குழம்பில் புளி, வத்தல், துளி வெல்லம் எல்லாம் சேர்த்து 40, எண்ணெய் ஒரு சின்னக் கரண்டி 40. உருளைக்கிழங்கு 100 கிராமுக்கு 80, அதிலும் ஒரு கரண்டி எண்ணெய் 40. சுட்ட அப்பளம் 30. மொத்தம் 490.

அதே படத்துக்கு இன்னொரு கணக்கு: சோறு 300 கிராம், 390. குழம்பிலும் வறுவலிலும் எண்ணெய் மும்மூன்று கரண்டி என்றால் முறையே 160, 200. பொரித்த அப்பளம் சுமார் 65. இரண்டு கரண்டி நெய் 90. மொத்தம் 905. ஏறக்குறைய இரண்டு மடங்கு. நடுவில் ஏதோ ஓர் எண்ணைப் பிடித்து "682" என்று கடைசி இலக்கம் வரை சொல்பவரைவிட, "ஐந்நூறிலிருந்து தொள்ளாயிரத்துக்குள்" என்பவரே நம்பத் தகுந்தவர்.

சாப்பிட்டவரிடமே கேட்டால் தெரிந்துவிடாதா? 1992இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் ஆய்வு வந்தது. குறைவாகச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று சொன்ன பருமனானவர்களின் உடல் செலவழித்த ஆற்றலை அளந்து பார்த்தார்கள். அவர்கள் எழுதித் தந்த உணவுக் கணக்கு, உண்மையில் உண்டதைவிடச் சராசரியாக 47 சதவீதம் குறைவு. எல்லாம் பொய் என்று சொல்லிவிட முடியாது. தாளிப்பையும் இரண்டாம் முறை வாங்கிய சோற்றையும் யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? இரண்டாம் சோறு படத்திலும் இருக்காது. படம் எடுப்பது முதல் கவளத்துக்கு முன்புதானே. தட்டில் மிச்சம் வைத்ததும் அப்படியே தப்பிவிடும். சாப்பிட்டு முடித்த பிறகும் ஒரு படம் எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

எண்ணெயைப் பிடிக்கத் தட்டைவிட மளிகைக் கணக்கு உதவும். நான்கு பேர் உள்ள வீட்டில் மாதம் மூன்று லிட்டர் சமையல் எண்ணெய் தீர்கிறது என்றால், ஆளுக்கு நாளொன்றுக்கு 25 மில்லி, அதாவது 200 கலோரிக்குச் சற்று மேல். பொரித்த பின் கொட்டிவிடும் எண்ணெயைக் கழித்துக்கொள்ள வேண்டும். நெய்யைத் தனியாகக் கூட்ட வேண்டும். வீட்டில் யார் அதிகம் தின்கிறார் என்பதை இந்தக் கணக்கு சொல்லாதுதான். ஆனாலும் வறுவலின் பளபளப்பை வைத்து ஊகிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஹோட்டல் சாப்பாட்டுக்கு இந்த வழியும் அடைபட்டுவிடும். அங்கே எண்ணெய் டின்னின் கணக்கு முதலாளிக்குத்தான் தெரியும். ஹோட்டல் தட்டின் படம் வந்தால் ஆலோசகர் செய்யக்கூடியது, தன் கணக்கின் மேல் எல்லையை இன்னும் கொஞ்சம் தள்ளி வைப்பதுதான்.