பால் சீட்டில் எழுதாமல் விட்ட தேதிகள்

மாதம் பிறந்ததும் பால் பையில் ஒரு துண்டுச் சீட்டு கிடக்கும். டைரியில் கிழித்த தாள், அதில் பால்பாயின்ட் பேனாவால் ஒரே வரி: ‘ஜூன் பால் பணம் 1594. உடனே தரவும்.’ வீட்டு அம்மா சமையலறை காலண்டரைப் பார்ப்பார். தினம் ஒரு லிட்டர், லிட்டர் 52 ரூபாய். நாலு நாள் ஊரில் இல்லை. மீதி 26 நாளுக்கு 1,352 ரூபாய்தானே வரவேண்டும்? மறுநாள் காலையில் கதவைத் திறந்ததும் முதல் கேள்வி அதுதான். “என்னண்ணே, நாலு நாள் கழிக்கவே இல்லையா?” “கழிச்சுதாம்மா போட்டிருக்கேன், நோட்டுல இருக்கு.” நோட்டு சைக்கிள் பையில் இருக்கிறது, அண்ணனுக்கு இன்னும் முப்பது வீடு பாக்கி இருக்கிறது. பேச்சு அத்தோடு நிற்கும். மனத்தாங்கல் நிற்காது.

இந்த உதாரணத்தில் இருவர் கணக்கிலும் கள்ளம் இல்லை. வித்தியாசம் 242 ரூபாய். அது எங்கிருந்து வந்தது என்று நோட்டைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

பால்காரர்களின் பாக்கெட் நோட்டில் பெரும்பாலும் வீட்டுக்கு ஒரு பக்கம் இருக்கும். கட்டம் போட்டு, தேதிக்குத் தேதி 1, ½, பெருக்கல் குறி என்று குறித்திருப்பார்கள். நம் உதாரண வீட்டின் ஜூன் பக்கத்தில் 10 முதல் 13 வரை பெருக்கல் குறி. 22-ஆம் தேதியும் பெருக்கல் குறி, அன்று பால்காரரே வரவில்லை. 18-ஆம் தேதி விருந்தாளி வந்ததால் அரை லிட்டர் கூடுதல், 25-ஆம் தேதி பாயசத்துக்கு இன்னோர் அரை லிட்டர். 16-ஆம் தேதியிலிருந்து லிட்டருக்கு இரண்டு ரூபாய் ஏற்றம். போதாததற்கு, மே மாதம் 31 நாளுக்கு ஆன 1,612 ரூபாயில் 1,400தான் வந்திருக்கிறது, 212 நிலுவை.

ஆக 242-இல் 212 பழைய பாக்கி. மிச்சம் 30 ரூபாய்க்குள்தான் இந்த மாதத்து விவகாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. பால்காரர் வராத ஒரு நாளுக்கு 52 ரூபாய் குறைகிறது. 16-க்குப் பிறகு வந்த 14 லிட்டருக்கு இரண்டிரண்டு ரூபாயாக 28 கூடுகிறது. கூடுதலாக வாங்கிய ஒரு லிட்டருக்கு 54. கூட்டிக் கழித்தால் 30. வீட்டு அம்மாவின் 1,352 ஜூன் மாதத்துக்கு 1,382 ஆகி, நிலுவையோடு 1,594 ஆகிறது. அந்த வீட்டில் பால்காரர் வராத நாளும் மறந்துபோயிருக்கிறது, பாயசத்துப் பாலும் மறந்துபோயிருக்கிறது. மாதக் கடைசியில் யாருக்குத்தான் நினைவிருக்கும்?

‘அப்படியானால் எத்தனை நாள் பால் போட்டேன் என்று எழுதிவிட்டால் போதுமே’ என்று தோன்றும். போதாது. இந்த வீட்டுக்குப் பால் வந்தது 25 நாள், வந்த பாலோ 26 லிட்டர். நாள் ஒரு கணக்கு, அளவு ஒரு கணக்கு. அதோடு, ‘25 நாள்’ என்று பார்த்ததும் வீட்டுக்காரர் முப்பது நாளையும் மனசுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. வந்த நாளை யாரும் நினைவில் வைப்பதில்லை, வராத நாள்தான் நிற்கும். அதனால் சீட்டில் எழுத வேண்டியது வழக்கம் தவறிய தேதிகளை மட்டுமே. ‘4 நாள் லீவு’ என்றால் அது மூன்றா, ஐந்தா என்று வாக்குவாதம் வரலாம். 9-ஆம் தேதி ராத்திரி ரயில் ஏறியவர்கள் 9-ஐயும் சேர்த்து ஐந்து என்பார்கள், அன்று காலையில் பால் வாங்கியதை மறந்து. ‘10, 11, 12, 13’ என்று எழுதினால் காலண்டரில் விரல் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தச் சீட்டைத் திருத்தி எழுதினால் இப்படி இருக்கும்:

சி-4 வீடு, ஜூன் மாதப் பால் கணக்கு
தினமும் 1 லிட்டர்
நீங்கள் வேண்டாம் என்றது: 10, 11, 12, 13
நான் வராதது: 22
கூடுதல் அரை லிட்டர்: 18, 25
1 முதல் 15 வரை: 11 லிட்டர் × ரூ.52 = ரூ.572
16 முதல் 30 வரை: 15 லிட்டர் × ரூ.54 = ரூ.810
ஜூன் மாதம்: ரூ.1,382
மே பாக்கி (1,612-இல் 1,400 வந்தது): ரூ.212
மொத்தம்: ரூ.1,594
தேதி ஏதாவது தப்பாக இருந்தால் சொல்லுங்கள். 7-ஆம் தேதிக்குள் கொடுத்தால் உதவியாக இருக்கும்.

பதினோரே வரி. எழுதிப் பழகிவிட்டால் அதிக நேரம் பிடிக்காது. இதில் ‘நீங்கள் வேண்டாம் என்றது’, ‘நான் வராதது’ என்று இரண்டாகப் பிரித்ததற்குக் காரணம் உண்டு. ரூபாய்க் கணக்கில் இரண்டும் ஒன்றுதான், இரண்டுமே கழியும். ஆனால் தான் வராத நாளைத் தானே எழுதிவிடுகிற பால்காரரிடம் மற்ற தேதிகளைப் பற்றி யாரும் துருவிக் கேட்பதில்லை. நோட்டிலும் இரண்டுக்கும் ஒரே பெருக்கல் குறி போடாமல் ஒன்றுக்கு ‘லீ’, இன்னொன்றுக்கு ‘இ’ என்று போட்டால் சீட்டு எழுதும்போது யோசிக்க வேண்டாம்.

விலை மாறிய மாதத்தில் சிலர் மொத்தத்துக்கும் 53 என்று நடுவாந்திரமாகப் போட்டுவிடுவார்கள். இந்த வீட்டுக்கு அது 1,378 வரும், நாலு ரூபாய் பால்காரருக்கே நஷ்டம். முதல் பாதியில் அதிகம் வாங்கிய வீட்டுக்கோ அது அநியாயம். இரண்டு வரியாக எழுதுவதே சரி. பழைய பாக்கியையும் மாதம் சொல்லித் தனி வரியில் போட வேண்டும். இந்த மாதத் தொகையோடு கலந்துவிட்டால், பால் விலை திடீரென்று ஏறிவிட்டதாகத்தான் வீட்டில் நினைப்பார்கள். ‘உடனே தரவும்’ என்பதற்கு நான் ஓட்டுப் போட மாட்டேன். ஒரு தேதி சொன்னால் அதைவிட வேலை நடக்கும்.

சீட்டை 28, 29-ஆம் தேதியே எழுதிவிடுகிறவர்கள் கடைசி இரண்டு நாளும் பால் வந்ததாகவே வைத்துக்கொள்கிறார்கள். அந்த இரண்டு நாளில் வீடு பூட்டியிருந்தால் அடுத்த மாதம் முழுக்க அதே பேச்சு. ஒன்றாம் தேதி எழுதுவதுதான் நல்லது.

பேப்பர்காரர்களுக்கும் இதே முறை ஒத்துவரும், ஒரு மாற்றத்தோடு. பல பத்திரிகைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை விலை வேறு என்பதால் ஞாயிறுகளைத் தனியே எண்ணிப் போட வேண்டும். பண்டிகைக்கு மறுநாள் பத்திரிகையே வெளிவராத நாளையும் தேதியோடு எழுதிவிட வேண்டும். அதைத் தான் போடாத நாளாக விட்டுவைத்தால் வீணான கெட்ட பெயர்.

இப்போது சீட்டு வாட்ஸ்அப்பிலும் போகிறது. அடுக்குமாடிக் குரூப்பில் எல்லா வீட்டுக் கணக்கையும் ஒரே பட்டியலாகப் போடுகிற பழக்கம் மட்டும் வேண்டாம். மூன்று மாத பாக்கிக்காரரின் பெயர் மாடிக்கு மாடி தெரிந்தால் பாக்கி வரலாம், அந்த வீட்டு வாடிக்கை போய்விடும். ஜிபேயில் வரும் பணத்தில் வேறொரு சிக்கல். அம்மா பெயரில் கணக்கு இருக்கும், பணம் மகன் பெயரில் வரும். ஆகவே அனுப்பும்போது குறிப்பில் வீட்டு எண்ணைப் போடச் சொல்லிச் சீட்டிலேயே ஒரு வரி சேர்க்கலாம். சி-4 வீட்டில் ரவுண்டாக 1,500 அனுப்பினால், அன்றே ‘1,500 வந்தது, மீதி 94’ என்று பதில் போட்டு, அதையே நோட்டில் ஜூலைப் பக்கத்தின் தலையில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.