தபால்காரருக்கு இருபது டாலர் வரம்பு

டிசம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்காவில் நாளிதழ் வாங்கும் வீடுகளில் ஒரு காலை, தாளோடு சேர்ந்து ஒரு வாழ்த்து அட்டையும் வந்து விழும். உள்ளே பத்திரிகை போடுபவரின் பெயரும், அவர் முகவரி எழுதிய ஒரு வெற்று உறையும் இருக்கும். வருடக் கடைசி அன்பளிப்பு அனுப்ப விரும்புகிறவர்களுக்காக வைத்த உறை அது.

இந்த வழக்கத்துக்கு ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்து வேர் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் அச்சுக்கூடத்துப் பையன்கள்தான் வீடு வீடாகப் பத்திரிகை கொண்டுபோனார்கள். புத்தாண்டு நாளில் அவர்கள் கையில் அச்சடித்த ஒரு பாட்டுத்தாளும் இருக்கும். போன வருடத்துச் செய்திகளைச் செய்யுளாகச் சொல்லி, முடிவில் பையனுக்குச் சில்லறை கேட்கும் பாட்டு அது. 19-ஆம் நூற்றாண்டிலும் இது தொடர்ந்தது. அந்தத் தாள்களை இன்று பிரௌன் பல்கலைக்கழக நூலகம் சேர்த்து வைத்திருக்கிறது.

இன்று சைக்கிள் பையன்கள் அநேகமாக இல்லை. விடியுமுன் சொந்தக் காரில் தாள் போடும் பெரியவர்கள்தான் அதிகம். இவர்களில் பெரும்பாலோர் பத்திரிகையின் ஊழியர்கள் அல்லர், ஒப்பந்தக்காரர்கள். போடும் தாளுக்கு இவ்வளவு என்று கூலி. பெட்ரோல் செலவு பெரும்பாலும் அவர்களுடையதே. அதனால் இவர்களுக்குப் பணமாகவே கொடுப்பதுதான் நியாயம், கொடுக்கத் தடையும் இல்லை. ஆனால் வாசலில் இருக்கும் திறந்த பத்திரிகைக் குழாயில் நோட்டைச் செருகி வைப்பது சரியல்ல; அவருக்கு முன்னால் வேறு யாராவது எடுத்துப் போய்விடலாம். காசோலையை அந்த உறையில் வைத்துத் தபாலில் அனுப்புவது நல்லது. நடுவில் ஆள் மாறியிருந்தால், அட்டையில் இருக்கும் பெயர்தான் இப்போது தாள் போடுபவருடையதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

தபால்காரர் விஷயம் வேறு. அவர் அரசு ஊழியர். அமெரிக்கத் தபால் துறையின் விதிப்படி அவர் ஒரு சந்தர்ப்பத்தில் இருபது டாலர் மதிப்புக்குள் உள்ள பரிசை மட்டும் வாங்கலாம். ஒரே வாடிக்கையாளரிடமிருந்து ஒரு காலண்டர் ஆண்டில் மொத்தம் ஐம்பது டாலரைத் தாண்டக் கூடாது. ரொக்கம் எவ்வளவு சின்னத் தொகையானாலும் கூடாது, காசோலையும் அப்படியே. விசா, மாஸ்டர்கார்டு முத்திரையோடு எங்கும் செல்லும் பரிசு அட்டைகள் பணத்துக்குச் சமம் என்பதால் அவற்றுக்கும் தடை. ஒரு குறிப்பிட்ட காபிக் கடையிலோ துணிக் கடையிலோ மட்டும் செல்லும் அட்டை என்றால் வாங்கிக்கொள்ளலாம்.

நியூஜெர்சியில் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மொய் எழுதிப் பழகிய கை, இருபதோடு ஒன்று சேர்த்து இருபத்தோரு டாலருக்குக் கடை அட்டை வாங்கிவிடுகிறது. அந்த ஒரு டாலரால் பரிசு முழுவதுமே வரம்புக்கு வெளியே போய்விடும். தபால்காரர் மிச்ச ஒரு டாலரைத் தன் கையிலிருந்து கொடுத்துச் சரிக்கட்டவும் விதி இடம் தரவில்லை. அவர் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது முழு மதிப்பையும் செலுத்த வேண்டும். நல்ல மனதோடு கொடுத்தது அவருக்குச் சங்கடமாக முடியும். அதே குடும்பம் தீபாவளிக்கு ஒரு இருபது டாலர் அட்டையும் கிறிஸ்துமஸுக்கு இன்னொன்றும் கொடுத்தால் கூட்டுத்தொகை நாற்பது, தவறில்லை. நடுவில் வேறொரு சாக்கில் மூன்றாவது அட்டை கொடுத்திருந்தால் அறுபதாகி, ஆண்டு வரம்பு மீறிப் போகும். காபி, பிஸ்கட் போன்ற சிறு உபசாரங்கள் இந்தக் கணக்கில் வருவதில்லை. பனி கொட்டும் நாளில் வாசலில் ஒரு கோப்பை சூடான காபி கொடுக்க எந்தத் தயக்கமும் வேண்டாம்.

இனி, கூட வைக்கும் சீட்டு. ‘உங்கள் சேவைக்கு நன்றி’ என்று எழுதினால் அது எந்த வீட்டிலிருந்தும் வந்திருக்கலாம். ‘பிப்ரவரியில் பனி கொட்டியபோது அம்மாவின் மருந்துப் பொட்டலத்தைப் படியேறி வந்து கதவோரம் வைத்தீர்கள்’ என்று எழுதினால், இந்த வீட்டார் கவனித்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். கீழே பெயரோடு வீட்டு எண்ணையும் போடுவது அவசியம். தபால்களை அவர் அடுக்குவது முகவரி வரிசையில்தான். உறைமேல் அவர் பெயரை எழுதி, முடிந்தால் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். வழக்கமான தபால்காரர் விடுப்பில் போகும் நாளில் மாற்று ஆள்தான் வருவார். பெயர் இல்லாத உறையை அவர் தனக்கென்று எடுத்துக்கொண்டால் குற்றம் சொல்ல முடியாது.

சீட்டோடு இன்னொரு கடிதமும் எழுதலாம்: உள்ளூர் தபால் நிலையத் தலைமை அதிகாரிக்கு. தபால்காரரின் பெயர், தெரு, அவர் செய்தது இன்னதென்று நான்கு வரி போதும். பாராட்டு மேலதிகாரியின் கண்ணில் படும். இருபது டாலர் வரம்பு இந்தக் கடிதத்துக்குக் கிடையாது.