கரும்பலகைப் படத்தில் ஒரு சொல்லை மாற்றுவது

டிபன் கடை வாசலில் மாட்டிய கரும்பலகையை அழகாகப் படம் எடுத்திருக்கிறீர்கள். இட்லி, பொங்கல், வடை, காபி என்று சாக்பீஸில் எழுதியிருக்கிறது. விளம்பரத்துக்காக அந்தப் படத்தைக் கேட்கும் கடைக்காரர், "வடை போடுறத நிறுத்திட்டோம் தம்பி, அந்த இடத்துல போண்டானு மாத்திக் குடுங்க" என்கிறார். கேட்க எளிய வேலை. ஆனால் சாக்பீஸ் எழுத்துருவில் தட்டி ஒட்டினால் பார்ப்பவர் கண் நேராக அந்தச் சொல்லில்தான் போய் நிற்கும்.

காரணம் பலகையில் இருக்கிறது. அதன் பரப்பு சொரசொரப்பானது. சாக்பீஸ் மேட்டில் மட்டும் உரசி வெள்ளையை விட்டுப் போகிறது. பள்ளம் கறுப்பாகவே நிற்கிறது. கோட்டுக்குள் தெரியும் பொடிப்பொடியான இடைவெளிகள் அந்தப் பலகையின் முகம். எழுத்துருவில் இருப்பது வேறெங்கோ வரைந்த சொரசொரப்பு. அதோடு, ஒரே எழுத்து இரண்டு முறை வந்தால் இரண்டிலும் ஒரே இடத்தில் தூள் விட்டுப்போயிருக்கும். மனிதர் கை அப்படி எழுதுவதில்லை.

ஆகவே எழுத்துகளை அதே பலகையிலிருந்து கடன் வாங்குவதே சரியான வழி. 'போண்டா'வுக்கு ப, பொங்கலில் கிடைக்கிறது. அழிக்கப்போகும் வடையே ட தருகிறது. மெய்ப்புள்ளியை 'ங்' மேலிருந்து எடுக்கலாம். துணைக்கால் இரண்டு வேண்டும்: ஒன்றைப் பொங்கலிலிருந்தும் மற்றதைக் காபியிலிருந்தும் எடுங்கள், ஒன்றையே இரண்டு முறை ஒட்ட வேண்டாம். மிச்சம் இரட்டைச் சுழிக் கொம்பும் ண-வும். அவை பலகையில் இல்லை, எழுதித்தான் ஆக வேண்டும். முடிந்தால் அதே பலகையின் மூலையில், அதே அளவில், கடையில் எழுதுபவர் கையாலேயே எழுதி, முன்பு நின்ற தூரத்திலிருந்தே படம் எடுங்கள். பிறகு பெரிதாக்கியோ சிறிதாக்கியோ ஒட்டினால் பொடியின் அளவும் சேர்ந்து மாறிவிடும். அங்கேயே குட்டு உடையும்.

இனி கணினி. எடுக்க வேண்டிய எழுத்துகளை முதலில் தனித்தனி லேயரில் எடுத்து வையுங்கள். அடுத்து பழைய சொல்லை அழிக்க வேண்டும். அங்கே கறுப்பைப் பூசவே கூடாது. துணியால் துடைத்த பலகை கறுப்பாக இருக்காது. சாம்பல் படலம் படர்ந்து, கை போன வளைவுகள் தெரியும். காலியான பகுதியிலிருந்து அந்தப் படலத்தை Clone Stamp கொண்டு, வளைவின் திசை மாறாமல் எடுத்து வையுங்கள். பழைய எழுத்தின் சாயல் மிக லேசாகத் தெரிந்தால் விட்டுவிடலாம். அரைகுறையாகத் துடைத்த பலகையில் அது இருக்கத்தான் செய்யும்.

எழுத்து லேயர்களுக்கு Levels-இல் கறுப்பை இறுக்கி, Screen என்ற கலப்பு முறையைத் தேர்ந்தெடுத்தால் கறுப்பு மறைந்து தூள் மட்டும் நிற்கும். ரொம்ப இறுக்கினால் கோட்டின் ஓரத்தில் இருக்கும் மெல்லிய தூளும் போய், கத்தரித்து ஒட்டியது போல் ஆகிவிடும். வெண்மையைப் பக்கத்துச் சொல்லோடு ஒப்பிட்டுக் குறையுங்கள். படத்தில் சாக்பீஸ் தூய வெள்ளையாக விழுவது அபூர்வம். பெரும்பாலும் சாம்பலோ, நீலம் கலந்த சாம்பலோதான்.

பலரும் கோட்டை விடும் இடம் கறைகளின் வரிசை. துடைத்த படலம் எழுத்துக்கு முன்பே வந்தது, அதனால் அது எழுத்தின் கீழே இருக்க வேண்டும். எழுதிய பிறகு யாரோ முழங்கை உரசிய இழுப்பு எழுத்தின் மேலே இருக்க வேண்டும். வடையின் வாலில் அப்படி ஓர் இழுப்பு இருந்திருந்தால், அதே இடத்தில் போண்டாவும் கலைந்திருக்க வேண்டும். Smudge கருவியில் சொரசொரப்பான தூரிகையை எடுத்து, வலிமையை 20 முதல் 30 சதவீதத்துக்குள் வைத்து, ஒரே திசையில் குட்டையாக இழுங்கள். தூள் ஓரமாகப் பரவ வேண்டும். கோட்டின் நடுப்பகுதி அழியக் கூடாது.

Smudge தொட்ட இடத்தில் கேமராவின் இயல்பான புள்ளித்தன்மை மழுங்கி, மெழுகு பூசியது போல் ஆகும். Add Noise-இல் சிறிதளவு, ஒரே நிறத்தில் சேர்த்து அதை மீட்கலாம். கடைசியாக, படத்தின் மாறுபாட்டைத் தற்காலிகமாக எல்லை வரை ஏற்றிப் பாருங்கள். சாதாரணமாகக் கண்ணுக்குத் தப்பிய ஒட்டுகள் திட்டுத்திட்டாக மேலே வரும். அவற்றைச் சரிசெய்த பிறகு மாறுபாட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

இத்தனை நுணுக்கமும் கடைக்காரர் கேட்டுக்கொண்ட விளம்பரத்துக்குத்தான். அதே படம் செய்திக்குப் போகிறது என்றால் ஓர் எழுத்தைக்கூடத் தொடக் கூடாது. மூலப் படத்தை எப்போதும் தனியாகப் பத்திரப்படுத்தி வையுங்கள்.