நாளைக்கு யூபிஎஸ் மாட்ட வருகிறார்கள்

“மேடம், நாளைக்குப் பத்துலேருந்து ஒரு மணிக்குள்ள யூபிஎஸ் மாட்ட வர்றேன். சைட் ரெடியா?” என்று சர்வீஸ் இன்ஜினியர் போனில் கேட்கிறார். “ரெடிதான், வாங்க” என்று சொல்லிவிடுகிறோம். மறுநாள் அவர் வந்து பார்த்துவிட்டு, ‘சைட் ரெடி இல்லை’ என்று சர்வீஸ் ரிப்போர்ட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். மறுபடி அவர் வர ஒரு வாரம் ஆகலாம், அதற்குத் தனிக் கட்டணமும் கேட்கலாம். இந்த வீண் அலைச்சலை முந்தைய நாள் போனிலேயே தவிர்த்துவிட முடியும்.

மூன்றாவது மாடியில், இருபது கம்ப்யூட்டரும் ஒரு சர்வரும் உள்ள ஆடிட்டர் அலுவலகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாங்கியிருப்பது 10 கேவிஏ ஆன்லைன் யூபிஎஸ். கூடவே 12 வோல்ட், 42 ஆம்பியர் ஹவர் பேட்டரிகள் இருபது. ஒரு பேட்டரி சுமார் 14 கிலோ என்றால், பேட்டரி மட்டுமே 280 கிலோ வந்துவிடும். ஆறு பேர் போகும் லிஃப்டின் பலகையில் 408 கிலோ என்று இருக்கும். தூக்குகிற ஆட்களையும் சேர்த்தால் ஒரே நடையில் ஏற்றக் கூடாது, இரண்டு மூன்று நடை வேண்டும். காலை பத்து மணிக்கு எல்லோரும் வேலைக்கு வரும் நேரத்தில் லிஃப்டை இப்படிப் பிடித்துவைத்தால் கட்டட நிர்வாகம் சும்மா இருக்காது. அதனால் முந்தைய நாளே அவர்களிடம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். வாட்ச்மேனிடம் வண்டி எண்ணையும் வருகிறவர்களின் பெயரையும் கொடுத்துவைக்க வேண்டும்.

யார் மேலே தூக்கிவைப்பது என்பதையும் கேட்டுவிடுங்கள். பல இடங்களில் லாரிக்காரர் தரைத்தளத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். இன்ஜினியரின் வேலை இணைத்து ஓடவிடுவது மட்டும்தான். லோடுமேன் நம் பொறுப்பு என்றால் அது முதல் நாளே தெரிய வேண்டும்.

அடுத்தது வயரிங். யூபிஎஸ்ஸுக்குள் வரும் கேபிளையும் வெளியே போகும் கேபிளையும் பெரும்பாலும் நம் எலக்ட்ரீஷியன்தான் இழுத்துவைக்க வேண்டும். 10 கேவிஏ சிங்கிள் ஃபேஸ் யூபிஎஸ் முழு லோடில் 43 ஆம்பியர் கொடுக்கும். பேட்டரி சார்ஜ் ஆவதையும் சேர்த்தால் அது இழுப்பது இன்னும் கூடும். அதனால் வழக்கமாக 63 ஆம்பியர் எம்சிபி கேட்பார்கள். ஏசிக்குப் போட்ட பழைய 32 ஆம்பியர் எம்சிபியைக் காட்டினால் வேலை நடக்காது.

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் அதிகம் கவனிக்க வேண்டியது எர்த்தைத்தான். இன்ஜினியர் வந்ததும் மல்டிமீட்டரை எடுத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எத்தனை வோல்ட் என்று பார்ப்பார். மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவாக அவர்கள் வைக்கும் கணக்கு. எட்டு, பத்து என்று காட்டினால் எர்த் பிட் காய்ந்திருக்கலாம், நியூட்ரல் எங்காவது லூஸாக இருக்கலாம். இரண்டையும் அரை மணி நேரத்தில் சரிசெய்துவிட முடியாது, அவர் அன்றைக்கு மெஷினை ஆன் செய்யவும் மாட்டார். இரண்டு நாள் முன்பே, எல்லா கம்ப்யூட்டரும் ஓடும் நேரத்தில், நம் எலக்ட்ரீஷியனை விட்டு இதை அளந்துவைப்பது நல்லது. லோடு இல்லாதபோது அளந்தால் நியூட்ரலில் உள்ள குறை வெளியே தெரியாது.

இனி நேரம். பத்து முதல் ஒன்று வரை என்று அவர் சொல்வதற்குக் காரணம், அதற்கு முன் வேறோர் இடத்தில் வேலை இருப்பதுதான். அங்கே இழுத்துவிட்டால் இங்கே தாமதமாகும். ஆகவே ‘பத்து மணிக்கு கரண்ட் ஆஃப்’ என்று அலுவலகத்தில் அறிவித்துவிடாதீர்கள். பேட்டரிகளை ஸ்டாண்டில் அடுக்கி, ஒன்றோடு ஒன்று இணைக்கும்வரை கம்ப்யூட்டர்கள் ஓடிக்கொண்டே இருக்கலாம். லைனை மாற்றும்போது மட்டும்தான் கரண்டை நிறுத்த வேண்டும். அதை மதியச் சாப்பாட்டு நேரத்தில் வைத்துக்கொண்டால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

இவ்வளவையும் ஒரு வாட்ஸ்அப் செய்தியில் அடக்கிவிடலாம்:

“சார், நாளை 10–1க்குள் வருகிறீர்கள். கிளம்பும்போது ஒரு போன் போடுங்கள். பேட்டரிகள் மூன்றாவது மாடிக்கு வந்துவிட்டன. 63 ஆம்பியர் எம்சிபி, கேபிள் ரெடி. நியூட்ரல்–எர்த் 2 வோல்ட். கரண்ட் நிறுத்த 1 முதல் 2 மணி வரை அனுமதி உண்டு. மெயின் டிபி ரூம் சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது. எங்கள் எலக்ட்ரீஷியன் 11 மணி முதல் கூடவே இருப்பார்.”

இதைப் படித்ததும் எதிலாவது குறை இருந்தால் அவரே கூப்பிட்டுச் சொல்லிவிடுவார். வேலை முடிந்தபின், மெயினை அணைத்து, எல்லா கம்ப்யூட்டரும் பேட்டரியில் சில நிமிடம் நிற்கின்றனவா என்று அவர் முன்னிலையிலேயே பார்த்துவிட்டு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுங்கள். பேட்டரி இணைப்பில் ஒன்று லூஸாக இருந்தாலும் அந்தச் சில நிமிடத்தில் தெரிந்துவிட வாய்ப்பு அதிகம்.