காய் குறைந்த வருடத்தில்தான் விலை ஏறும்

போடியில் ஏலக்காய்க்கு இன்றைய விலை உண்டு; அக்டோபர் விலை என்று ஒன்று கிடையாது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் போடிநாயக்கனூரிலும், மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் நடக்கிறது. மூட்டையிலிருந்து எடுத்த மாதிரிக் காயை வியாபாரிகள் உள்ளங்கையில் கொட்டி நிறமும் பருமனும் பார்க்கிறார்கள். திரையில் விலை ஏறுகிறது, நிற்கிறது, லாட் கைமாறிவிடுகிறது. போடிமெட்டு வழியாக ஜீப்பில் போய்வந்து தோட்டம் பார்க்கும் விவசாயிக்கு இந்தச் சில நொடிகளில்தான் வருடத்தின் தலையெழுத்து தெரியும். உரமும் மருந்தும் கூலியும் அதற்கு எத்தனையோ மாதம் முன்பே செலவாகி முடிந்திருக்கும்.

அந்த விலை எவ்வளவு ஆடும்? 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மலைத் தோட்டங்கள் அடிபட்டன. அடுத்த கோடையில் மழை ஏமாற்றியது. 2019 ஆகஸ்ட் தொடக்கத்தில் புற்றடி ஏலத்தில் ஒரு லாட் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. 2022-ல் ஏலச் சராசரி ஆயிரத்துக்கும் கீழே கிடந்தது.

இந்த ஆட்டத்துக்கு அணை போடவே முன்பேர ஒப்பந்தம். மும்பையின் எம்.சி.எக்ஸ். சந்தை 2006-ல் ஏலக்காய் முன்பேரத்தைத் தொடங்கியது. நாளடைவில் வியாபாரம் வற்றி அது நின்றுபோனது. 2025 ஜூலை 29 அன்று மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள். ஒரு லாட் 100 கிலோ, விலை கிலோவுக்கு, சரக்கு ஒப்படைக்கும் இடம் வண்டன்மேடு. பெரும்பாலோர் சரக்கை அங்கே கொண்டுபோவதில்லை. இன்று விற்ற ஒப்பந்தத்தைக் கெடுவுக்கு முன் திரும்ப வாங்கிக் கணக்கை முடித்துவிடுவார்கள். காய் எப்போதும்போலப் போடி ஏலத்துக்கே போகும்.

கற்பனைக் கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஐந்து ஏக்கர் தோட்டம், உலர்ந்த காயாக 1,000 கிலோ எதிர்பார்க்கிறார் ஒருவர். ஜூலையில் அக்டோபர் ஒப்பந்தம் கிலோ 2,500 ரூபாய்க்குப் போகிறது. அந்த விலை அவருக்குக் கட்டுபடியாகும். பாதி விளைச்சலுக்கு, அதாவது 500 கிலோவுக்கு, ஐந்து லாட் விற்றுவைக்கிறார். அக்டோபரில் ஒப்பந்த விலை 2,000-க்கு இறங்கிவிட்டது. ஏலத்தில் அவர் காய்க்கு 1,950 கிடைக்கிறது. 2,500-க்கு விற்றதை 2,000-க்குத் திரும்ப வாங்கியதில் கிலோவுக்கு 500 லாபம். இரண்டும் சேர்ந்து 2,450. விலை இறங்காமல் 3,200-க்கு ஏறியிருந்தால்? ஏலத்தில் 3,150 கிடைத்திருக்கும், ஒப்பந்தத்தில் 700 நட்டம் வந்திருக்கும். அப்போதும் கையில் நிற்பது அதே 2,450-தான். ஏறினாலும் இறங்கினாலும் அந்த 500 கிலோவுக்கு ஒரே வருமானம். விலை எந்தப் பக்கம் போகும் என்று அவர் யூகிக்கவே வேண்டியதில்லை.

இடையில் நிற்கும் அந்த ஐம்பது ரூபாய் வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் சொல்லப்படுவது ஒரு குறிப்பிட்ட தரம். ஏலத்துக்கு வரும் லாட்டில் எட்டு எம்.எம். காயும் இருக்கும், சின்னக் காயும் இருக்கும். ஸ்டோரில் சூடு தப்பிப்போய் நிறம் வெளுத்த காயும் இருக்கும். வித்தியாசம் வருடாவருடம் ஐம்பதிலேயே நின்றால் கணக்கு பிசகாது. அது ஒரு வாரம் முப்பதும் மறுவாரம் முந்நூறுமாகக் குதித்தால், ஒப்பந்தம் ஒரு பக்கமும் தன் காய் ஒரு பக்கமும் போகிறது என்று அர்த்தம். தன்னுடைய பழைய ஏலச் சீட்டுகளை அதே நாட்களின் ஒப்பந்த விலையோடு ஒட்டிப் பார்த்தால் இது ஒரு மாலையில் தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் இறங்குபவர்களே அதிகம் என்று நினைக்கிறேன்.

அடுத்தது ரொக்கம். ஒப்பந்தம் விற்கும்போது மதிப்பில் ஒரு பங்கை மார்ஜினாகக் கட்ட வேண்டும். அதோடு முடிவதில்லை. விலை ஏறும் ஒவ்வொரு நாளும் அன்றைய நட்டத்தை அன்றன்றே கட்டியாக வேண்டும். 3,200-க்கு ஏறிய கதையில் அந்த ஐந்து லாட்டுக்கு மொத்தம் மூன்றரை லட்சம் ரூபாய். ஏலத்தில் அதிக விலையாக அந்தப் பணம் திரும்பி வரும், உண்மைதான். ஆனால் காய் இன்னும் செடியில் இருக்கிறது. பறித்து, ஸ்டோரில் உலர்த்தி, ஏலம் போட்டு, பணம் கைக்கு வர வாரங்கள் ஆகும். தரகர் அதுவரை காத்திருக்க மாட்டார். பணம் வராவிட்டால் அவரே கணக்கை முடித்துவிடுவார். அதற்குப் பிறகு விலை சரிந்தால் தோட்டக்காரருக்குக் காப்பும் இல்லை, கட்டிய பணமும் இல்லை.

இதையெல்லாம்விடப் பெரிய சிக்கல் ஏலக்காயின் குணத்திலேயே இருக்கிறது. இந்தக் காய்க்கு விலை ஏறுவதே பெரும்பாலும் காய் இல்லாததால்தான். அதே தோட்டக்காரர் துணிந்து 1,000 கிலோ முழுவதையும் ஜூலையிலேயே 2,500-க்கு விற்றுவைத்திருந்தார் என்று வையுங்கள். மழை பொய்த்து 400 கிலோதான் தேறியது. ஊரெங்கும் இதே நிலைமை, ஒப்பந்த விலை 5,000. ஒப்பந்தத்தில் நட்டம் 25 லட்சம். 400 கிலோவை 4,950-க்கு விற்றால் வருவது 19 லட்சத்து 80 ஆயிரம். வருடமெல்லாம் உழைத்துவிட்டு ஐந்து லட்சத்துக்கு மேல் கடன். ஒப்பந்தம் பக்கமே போகாத அடுத்த தோட்டத்துக்காரரோ அந்த 19 லட்சத்து 80 ஆயிரத்தோடு ஓரளவு தப்பித்துவிட்டார். காய் குறைந்ததை ஏறிய விலை கொஞ்சம் ஈடுகட்டியது. தரகரில்லாமல், மார்ஜினில்லாமல் இயற்கையே கொடுத்த காப்பு அது. முழு விளைச்சலுக்கும் ஒப்பந்தம் போட்டவர் அதைத் தானே விற்றுத் தீர்த்துவிட்டார். 300 கிலோவுக்கு மட்டும் விற்றிருந்தால் நட்டம் ஏழரை லட்சம், கையில் 12 லட்சத்து 30 ஆயிரம் மிஞ்சியிருக்கும்.

விமானக் கம்பெனிக்கும் இதே கதிதான் என்பதை 2020 காட்டியது. எரிபொருள் விலை ஏறுமோ என்று பயப்படுவதால் அவர்கள் விற்பதில்லை, முன்கூட்டியே வாங்கிவைப்பார்கள். சாதாரண நாளில் அவர்களுக்கு அளவில் சந்தேகமில்லை. அட்டவணை இருக்கிறது, விமானம் பறக்கும், எண்ணெய் எரியும். கொரோனாவில் விமானங்கள் தரையில் நின்றன, எண்ணெய் விலையும் விழுந்தது. எரிக்கப்போகாத எண்ணெய்க்கும் சேர்த்து ஒப்பந்தம் போட்டிருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 2020 மார்ச்சில் முடிந்த கணக்கில் அந்த வகையில் மட்டும் சுமார் 71 கோடி சிங்கப்பூர் வெள்ளி நட்டம் எழுதியது. அந்த வருடத்து மொத்த நட்டமே 21 கோடிதான். அவர்கள் விலையைச் சரியாகக் கட்டினார்கள், அளவுதான் காலைவாரியது.

அதனால் இந்த ஒப்பந்தம் தோட்டக்காரரைவிடப் போடி வியாபாரிக்கே இயல்பாகப் பொருந்துகிறது. வடநாட்டுப் பான் மசாலா கம்பெனிக்கு அக்டோபரில் இத்தனை டன், இந்த விலை என்று வாக்குக் கொடுத்தவர், இன்றே ஒப்பந்தம் வாங்கிவைக்கலாம். கிடங்கில் சரக்கை அடுக்கி வைத்திருப்பவர், விலை இறங்கிவிடுமோ என்ற பயத்தில் விற்றுவைக்கலாம். இருவருக்கும் கிலோ எவ்வளவு என்பது இன்றே தெரியும்.

தோட்டக்காரரும் அதே இடத்துக்கு வரலாம். ஏலச்செடியில் காய் ஒரே நாளில் பறிபடுவதில்லை. ஜூலை, ஆகஸ்டில் தொடங்கி ஏறக்குறைய நாற்பது நாளுக்கு ஒரு முறை என்று அடுத்த வருடத் தொடக்கம் வரை எடுப்பு நடக்கும். முதல் எடுப்பு முடிந்தாலே அந்த வருடம் எப்படி என்று கைக்குத் தெரிந்துவிடும். பூவைப் பார்த்து லாட் விற்பதை விட்டு, ஸ்டோரில் உலர்ந்து சாக்கில் கட்டிய கிலோவுக்கும் அடுத்த எடுப்பில் நிச்சயம் என்று தெரிகிற பங்குக்கும் மட்டும் விற்றால், மேலே சொன்ன 25 லட்ச விபத்து வராது. விற்ற லாட் சாக்கைவிட அதிகமாகும் நாளில் அவர் விவசாயக் கணக்கிலிருந்து நழுவிச் சூதாட்டத்துக்குள் கால் வைத்துவிட்டார்.

இதற்கும் ஒரு முன்நிபந்தனை உண்டு. திரும்ப வாங்கப் போகும்போது எதிரில் விற்பவர் இருக்க வேண்டும். தினம் எத்தனை லாட் கைமாறுகிறது, முடிக்கப்படாமல் எத்தனை லாட் நிற்கிறது என்ற இரண்டு எண்களும் சந்தையின் திரையிலேயே வரும். வாங்குபவர் கேட்கும் விலைக்கும் விற்பவர் சொல்லும் விலைக்கும் நடுவே நாற்பது, ஐம்பது ரூபாய் இடைவெளி இருந்தால், உள்ளே போகும்போது பாதியும் வெளியே வரும்போது பாதியுமாக அதைத் தோட்டக்காரர்தான் கொடுக்க வேண்டியிருக்கும். மறுபடி பிறந்திருக்கும் ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது இந்த இடைவெளியைத்தான். அது குறுகும்வரை ஒரு லாட்டுக்கு மேல் போகாமல் இருப்பதே தேவலை.